நுளம்பு கடித்த இடம் வீங்கிக் கண்ணை மூடினால்

கேள்வி: எங்கள் மகளுக்கு மூன்று வயது. மஹய்யாவயில் இருக்கிறோம். நுளம்பு கடித்தால் எங்களுக்கு ஒரு சின்னத் தடிப்பு வந்து மறைந்துவிடும். இவளுக்கு மட்டும் கடித்த இடம் முழுக்கச் சிவந்து, தொட்டால் சுடும் அளவுக்கு வீங்கிவிடுகிறது. போன சனிக்கிழமை பின்னேரம் முற்றத்தில் விளையாடும்போது புறங்காலிலும் புருவத்துக்குப் பக்கத்திலும் கடித்தது. இரவு செருப்புப் போட முடியவில்லை. காலையில் ஒரு கண்ணைத் திறக்கவே முடியவில்லை. சொறிந்து சொறிந்து அழுகிறாள். பக்கத்து வீட்டு அக்கா சீழ் பிடித்துவிட்டது, அன்டிபயோட்டிக் கொடு என்கிறார். மாமியார் இது டெங்குவாக இருக்குமோ என்று பயப்படுகிறார். என்ன செய்வது?

– ஒரு தாய், மஹய்யாவ

பதில்: உங்கள் கடிதத்திலேயே விடைக்கான பாதி இருக்கிறது. பின்னேரம் கடித்தது, அன்று இரவே வீங்கிவிட்டது. அந்தச் சில மணி நேரக் கணக்குத்தான் இங்கே முக்கியம். கிருமி தோலுக்குள் புகுந்து பெருகி வீக்கம் காட்டப் பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் எடுக்கும். சில மணி நேரத்தில் வீங்கி, வலியைவிட அரிப்பு அதிகமாக இருந்தால் அது அநேகமாக ஒவ்வாமை. நுளம்பு இரத்தம் குடிக்கும்போது, இரத்தம் உறையாமல் இருப்பதற்காகத் தன் உமிழ்நீரைத் தோலுக்குள் விடுகிறது. அந்த உமிழ்நீரில் உள்ள புரதங்களை உங்கள் மகளின் உடல் மற்றவர்களைவிடக் கடுமையாக எதிர்க்கிறது.

இந்த நிலைக்கு மருத்துவத்தில் ஒரு பெயரும் உண்டு. கனடாவின் வினிபெக் நகரில் எஸ்டெல் சைமன்ஸ், ஷிகாங் பெங் என்ற இரு ஆய்வாளர்கள் 1999இல் இதேபோன்ற ஐந்து சிறுபிள்ளைகளைப் பற்றி எழுதினார்கள். எல்லோரும் மற்றபடி நல்ல ஆரோக்கியமான பிள்ளைகள். நுளம்பு கடித்து சில மணி நேரத்தில் பெரிதாக வீங்கியதை ஆரம்பத்தில் தோல் தொற்று என்றே எண்ணியிருந்தார்கள். இரத்தத்தில் நுளம்பு உமிழ்நீருக்கு எதிரான எதிர்ப்புப் பொருட்கள் இருப்பது தெரிந்த பிறகுதான் அது ஒவ்வாமை என்று உறுதியானது. நுளம்பைப் பேச்சு வழக்கில் அங்கே அழைக்கும் பெயரையே வைத்து இதற்கு ஸ்கீட்டர் சின்ட்ரோம் என்று பெயரிட்டார்கள்.

உங்களுக்கெல்லாம் வீங்காமல் இவளுக்கு மட்டும் ஏன் வீங்குகிறது? 1946இல் கென்னத் மெலன்பி என்ற ஆங்கிலேய ஆய்வாளர் இதைப் படிப்படியாக விளக்கினார். வாழ்நாளில் முதன்முதலாக நுளம்பு கடிக்கும்போது உடல் ஒன்றும் காட்டாது. சில கடிகளுக்குப் பிறகு, அடுத்த நாள் தடிக்கும். பிறகு உடனேயும் தடிக்கும், அடுத்த நாளும் தடிக்கும். தொடர்ந்து கடிபட்டால் அடுத்த நாள் தடிப்பு நின்று, உடனே வரும் தடிப்பு மட்டும் மிஞ்சும். கடைசியில் அதுவும் நிற்கலாம். நீங்கள் பல வருடங்கள் கடிபட்டுப் பழகியவர்கள். உங்கள் மகள் நடுப்படியில் நிற்கிறாள். அநேகமான பிள்ளைகளுக்கு வயது ஏற ஏற இது குறையும். எப்போது என்று தேதி சொல்ல முடியாது.

இப்போது வைத்தியம். கடித்தது தெரிந்தவுடன் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். பிறகு ஈரத்துணியில் ஐஸ் கட்டியைச் சுற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். ஐஸை நேரே தோலில் வைக்க வேண்டாம். கால் வீங்கியிருந்தால் தலையணையில் உயர்த்தி வைத்துப் படுக்க விடுங்கள். கண் இமை மிக மெல்லிய, தளர்வான தோல். இரவு முழுக்கப் படுத்திருந்தால் நீர் அங்கே சேரும். அதனால்தான் காலையில் கண் மூடிக்கொண்டது. எழுந்து நடமாடத் தொடங்கினால் மதியத்துக்குள் ஓரளவு வடியும்.

அரிப்புக்கு வாயால் கொடுக்கும் மருந்து செட்டிரிசின் சிரப். பொதுவாக 5 மில்லிலீட்டரில் 5 மில்லிகிராம் இருக்கும். போத்தல் லேபிளை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு முதல் ஐந்து வயதுப் பிள்ளைக்கு வழக்கமான அளவு 2.5 மில்லிகிராம், அதாவது 2.5 மில்லிலீட்டர். தேவைப்பட்டால் காலையும் இரவும் கொடுக்கலாம். முதல் தடவை வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ காட்டி உறுதி செய்துகொள்வது நல்லது. நம் வீடுகளில் பழக்கமான பிரிட்டன் சிரப்பும் அரிப்பைக் குறைக்கும், ஆனால் தூங்க வைக்கும். தூங்கிக்கிடக்கும் பிள்ளைக்கு மருந்தால் சோர்வா, நோயால் சோர்வா என்று கண்டுபிடிப்பது கஷ்டம். அதனால் செட்டிரிசினே மேல்.

மேலே பூச 1 வீத ஹைட்ரோகோர்டிசோன் கிரீம். பெரியவர் ஒருவரின் சுட்டுவிரல் நுனியளவு எடுத்தால் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும். மெல்லியதாக, நாளுக்கு இரண்டு தடவை, ஐந்து நாளுக்கு மேல் வேண்டாம். கண் இமையிலும், சொறிந்து தோல் பிய்ந்த இடத்திலும் பூசக் கூடாது. இமைக்கு ஐஸ் ஒத்தடமும் சிரப்பும் போதும். கலமைன் லோஷனை மற்ற இடங்களில் பயமில்லாமல் தடவலாம். நகத்தை இன்றே வெட்டுங்கள், இரவில் கைக்கு மெல்லிய காலுறை போடுங்கள். ஒவ்வாமை வீக்கம் உண்மையிலேயே சீழ் வைப்பது பெரும்பாலும் சொறிந்த புண் வழியாகத்தான்.

சுண்ணாம்பு, பற்பசை, தேசிக்காய் எதுவும் வேண்டாம். கற்பூரம் கலந்த தைலத்தையும் தள்ளி வையுங்கள். இந்த வயதில் கை அடிக்கடி வாய்க்குப் போகும். கற்பூரம் உள்ளே போனால் வலிப்பு வரலாம்.

மாமியாரின் பயத்துக்கு வருவோம். இந்த வீக்கம் டெங்குவின் அடையாளம் இல்லை. டெங்கு நுளம்பு கடித்து நான்கு முதல் பத்து நாள் கழித்துத்தான் காய்ச்சல் வரும், கடித்த இடம் பெரிதாக வீங்காது. ஆனால் அவர் பயத்தில் ஒரு நியாயம் உண்டு. வீக்கத்துக்காக ஐபுபுரோஃபென் கொடுக்காதீர்கள். அடுத்த சில நாளில் காய்ச்சல் வந்து அது டெங்குவாக இருந்தால், ஐபுபுரோஃபெனும் அஸ்பிரினும் இரத்தக் கசிவைக் கூட்டும். நம் ஊரில் வலிக்கும் காய்ச்சலுக்கும் பரசிட்டமோல் மட்டும், எடை ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை.

பக்கத்து வீட்டு அக்காவின் யோசனையைச் சோதித்துப் பார்க்க ஒரு போல்பொயின்ட் பேனை போதும். வீக்கம் தெரிந்தவுடன் சிவப்பின் ஓரத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள். கண்ணருகே கோடு வேண்டாம், தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். உங்கள் மகளின் காலைக் கணக்காக எடுத்துக்கொள்வோம். சனி இரவு எட்டு மணிக்குக் கோடு போட்டீர்கள். ஞாயிறு காலை சிவப்பு கோட்டைத் தாண்டியிருக்கும், பயப்பட வேண்டாம், முதல் ஒன்றிரண்டு நாள் ஒவ்வாமை ஏறத்தான் செய்யும். திங்கள் இரவுக்குள் பரவுவது நிற்க வேண்டும். அதன் பிறகு மெல்லமெல்லச் சுருங்கி, ஒரு வாரம் பத்து நாளில் மறைய வேண்டும். பிள்ளை சாப்பிட்டு, விளையாடி, சொறிந்துகொண்டிருந்தால் அன்டிபயோட்டிக் தேவையில்லை.

மாறாக, இரண்டு நாள் கழிந்தும் சிவப்பு தொடர்ந்து பரவினால், அரிப்பு போய் வலி பிடித்தால், சீழ் அல்லது மேல்நோக்கிச் செல்லும் சிவப்புக் கோடு தெரிந்தால், காய்ச்சல் வந்தால் அது தொற்றாக இருக்கலாம். வைத்தியரிடம் காட்டுங்கள். கண்ணில் இன்னும் கவனம் தேவை. காய்ச்சலோடு கண் வீங்கினால், விழியை அசைக்க வலித்தால், விழி முன்தள்ளினால், பார்வை மங்கினால் அன்றே பேராதனை சிறுவர் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். மிக அரிதாக, கடித்த சில நிமிடங்களில் உதடும் முகமும் வீங்கி, மூச்சு இழுத்து, வாந்தி வரலாம். அப்போது ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1990 என்ற சுவசெரிய அம்புலன்ஸ் எண்ணை அழையுங்கள். ஒவ்வொரு கடியும் கொப்புளமாகிப் புண்ணாகி, கூடவே கடும் காய்ச்சலும் வந்தால் அது வேறு கதை. அதற்கு இரத்தப் பரிசோதனை தேவை.

இனித் தடுப்பு. எந்த நுளம்பு கடிக்கிறது என்று தெரிந்தால்தான் எங்கே தேடுவது என்று தெரியும். காலையிலும் பின்னேரத்திலும், முற்றத்தில், காலையும் கையையும் குறிவைத்துக் கடிப்பது கறுப்பு உடலில் வெள்ளை வரி போட்ட ஈடிஸ் நுளம்பு. சுத்தமான தேங்கிய நீரில் முட்டையிடும். தூங்கும்போது காதருகே பாடிவிட்டுக் கடிப்பது கியூலெக்ஸ். அது அழுக்குக் கானில் பெருகும். உங்கள் மகளுக்குக் கடித்தது பின்னேரம், ஆகவே தேடவேண்டியது சுத்தத் தண்ணீர்.

ஈடிஸ் முட்டை நுளம்பாக மாற ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். அதனால் வாரத்தில் ஒரு நாளை நிர்ணயித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பீப்பாயைக் கவிழ்ப்பது மட்டும் போதாது. முட்டைகள் பீப்பாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் பல மாதம் உயிரோடு இருந்து அடுத்த தண்ணீரில் பொரிக்கும். தென்னந்தும்பு பிரஷால் உட்சுவரைத் தேய்த்துக் கழுவி, மூடியோ வலைத்துணியோ கட்டுங்கள். கூரைப் பீலி, தகரத்தின் மேல் பாரத்துக்கு வைத்த டயர், ஃபிரிஜ் பின்னால் உள்ள தட்டு, சாமிப் படத்துக்கு முன் உள்ள பூச்சாடி, வெட்டிய மூங்கில் குற்றி எல்லாவற்றையும் பாருங்கள். இந்த நுளம்பு தான் பிறந்த இடத்திலிருந்து அதிக தூரம் பறக்காது. ஆகவே வரிசையாக ஒட்டிய வீடுகளில் உங்கள் வீடு மட்டும் சுத்தமாக இருந்தால் போதாது. பக்கத்து வீட்டாரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கைவிட்ட காணியில் நீர் தேங்கினால் பொது சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் காணிச் சொந்தக்காரரைப் பொறுப்பாக்குகிறது.

பின்னேரம் வெளியே விட்டால் வெளிறிய நிறத்தில் முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும் போடுங்கள். தெரியும் தோலுக்கு டீட் உள்ள கிரீம். இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு 10 முதல் 30 வீதம் வரை பூசலாம். 10 வீதம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் தாங்கும், 30 வீதம் ஐந்து மணி நேரம் வரை. வீதம் கூடினால் நேரம் கூடுமே தவிர, பலம் கூடாது. உங்கள் கையில் எடுத்துப் பூசுங்கள். பிள்ளையின் கைவிரலிலும், கண், வாய்ப் பக்கத்திலும், புண்ணிலும் வேண்டாம். உள்ளே வந்தவுடன் கழுவுங்கள். பங்கிரி எண்ணெய் வாசனை நல்லதுதான், ஆனால் சீக்கிரம் பலன் போய்விடும். நுளம்புச் சுருளை மூடிய அறையில் கொளுத்தினால் புகை நெஞ்சைப் பிடிக்கும். மதியத் தூக்கத்துக்கும் வலை கட்டுங்கள், ஈடிஸ் பகலில்தான் கடிக்கும்.

மழைக்காலத்தில் வாரத்துக்கு வாரம் வீங்கிக்கொண்டே இருந்தால், வெளியே போகுமுன் மருந்து கொடுப்பது உதவலாம். செட்டிரிசின் பெரியவர்களிடமும், இதே வகை மருந்தான லோராடடின் பிள்ளைகளிடமும் பலன் தரும் என்று பின்லாந்து ஆய்வுகள் காட்டின. அதை உங்களாகத் தொடங்காமல், வைத்தியரின் சொல்லில் மட்டும் செய்யுங்கள்.

இந்தச் சனிக்கிழமை மாமியாரும் பக்கத்து வீட்டு அக்காவும் நீங்களும் ஒரு மணி நேரம் சேர்ந்து பீப்பாய்களைத் தேய்த்துக் கழுவுங்கள். சிரப் அரிப்பைக் குறைக்கும். கடியைக் குறைப்பது அந்த பிரஷ்தான்.