நினைவுச் செய்யுளும் ஓரடிக்கு ஒரு பொருளும்

கழிந்த நாட்களை நினைந்து செய்யுள் இயற்றுவோர்க்கு முதற்கண் நேரும் இடையூறு யாதெனின், நினைவு வருமுன்னே கண்ணீர் வந்துவிடுதலேயாம். 'அந்தோ' என்றும் 'பொன்னான நாள்' என்றும் தொடங்கிய பின்னர், அந்நாளில் இருந்தது இன்னதென்று கூற எழுதுவோனுக்கு இடமே இராது. படிப்போனும் பிறன் ஒருவன் அழுவதைக் காண்பானேயன்றி, அவன் இழந்தது எது என்பதைக் காணமாட்டான். இக்குற்றத்தைப் பிறர் பாட்டில் எடுத்துக்காட்டுதல் எளிது. ஆயினும் யாமே செய்த பாட்டொன்று கையில் இருத்தலின், பிறரை வருத்தாது அதனையே ஈண்டு ஆராய்வோம்.

அதற்கு முன்னர், இத்துறையில் நமக்கு வழிகாட்டியாயுள்ள பழம்பாட்டு ஒன்றை நினைவுகூர்தல் வேண்டும். அது புறநானூற்றின் 243-ஆம் பாட்டு. டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1894-இல் அந்நூலை அச்சிட்டு வெளிப்படுத்தினார்கள். பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிட்டவில்லை; முதுமையில் தாம் ஊன்றிய கோலைக் குறிக்கும் அவர்தம் சொற்றொடரே அவர்க்குப் பெயராகித் தொடித்தலை விழுத்தண்டினார் என வழங்கப்படுகின்றார். அவர் தம் இளமையைப் 'பொன்' என்றிலர். மணலாற் செய்த பாவைக்குப் பூச்சூட்டியதையும், நீராடும் மகளிரொடு கைகோத்ததையும், நீர்த்துறையில் தாழ்ந்திருந்த மருதமரத்தின் கிளையில் ஏறியதையும், கரையில் நின்றோர் திடுக்கிடக் குதித்ததையும், ஆழத்திலிருந்து மணலை எடுத்துவந்ததையுமே ஒன்றன்பின் ஒன்றாகக் கூறுகின்றார். அம்மணலைச் சற்றே நோக்குக. அடியைத் தொட்டதற்கு அதனினும் வேறு சான்று வேண்டுமோ? ஒரு சிறுவனின் செருக்கு முழுதும் அப்பிடி மணலில் அடங்கிவிட்டது. இரங்குதலைக் குறிக்கும் சொல் பாட்டின் தொடக்கத்தில் ஒருமுறையும் இளமையை விளிக்குமிடத்து ஒருமுறையும் வருகின்றது. இடையிலுள்ளவை யாவும் செயலும் பொருளுமே. இறுதியில் முதுமையைக் கூறும்போதும் கோலும் நடுக்கமும் இருமலுக்கிடையே வரும் சில சொற்களுமே தோன்றுகின்றன.

இனி எமது பாட்டைக் காண்போம். எம் பாட்டியார் வாழ்ந்த வீடு பிறர்க்கு விற்கப்பட்டபின் யாம் முதலில் எழுதியது இது:

அந்தோ! பொன்னான அந்நாள் எங்கே!
அன்னையினும் இனிய பாட்டி எங்கே!
முல்லைப் பந்தல் முற்றம் எங்கே!
நெஞ்சம் உருகிக் கண்ணீர் பெருகுதே!

எழுதிய அன்று இது எமக்கு மிகவும் நன்றாகவே தோன்றியது. சில திங்கள் கழித்து எடுத்துப் பார்த்தபோது எம் தமக்கையார் அருகிலிருந்தார். அவர் படித்துவிட்டு, "தம்பி, நம் வீட்டில் முல்லைப் பந்தல் ஏது? கொல்லையில் நின்றது ஒரு முருங்கைதானே?" என்றார். அம்முல்லை யாம் படித்த பாட்டுக்களினின்று எம் முற்றத்திற்குப் படர்ந்து வந்தது! அன்றுதான் ஓருண்மை எமக்கு விளங்கியது. இப்பாட்டின் நான்கடிகளையும் எவரும் தம் பாட்டியார்க்கு மாற்றமின்றி வைத்துக்கொள்ளலாம். வேறு வீட்டிற்கு எடுத்துச் செல்லக்கூடிய அடி எம் வீட்டைப் பற்றியதன்று என்று துணிந்து, நான்கையும் அடித்துவிட்டோம்.

பின்னர், வீட்டின் வாயிலினின்று அடுக்களை வரையில் மனத்தால் நடந்து, கண்ணிற்பட்ட பொருள்களை உரைநடையிலேயே குறித்தோம். இருபதுக்கு மேற்பட்டவை வந்தன. அவற்றுள் அழகியவை பெரும்பாலும் பயன்படவில்லை. குத்துவிளக்கும் கோலமும் எல்லா வீட்டிலும் உள்ளன. எதனை முன்பு ஒருபொழுதும் பிறரிடம் சொல்லியதில்லையோ, அதுவே நின்றது. எஞ்சியவற்றை அடிக்கு ஒன்றாக ஆசிரியப்பாவில் அமைத்தோம்:

பல்லிலா வாயாள் பாக்கிடித்த சிற்றுரல்,
கல்லில் நின்ற கால்குறை கட்டில்,
தூணிற் கரியால் தொட்டஎம் உயரம்,
சுவரிற் சுண்ணப் பாற்புள்ளி
பதினொன்று, பன்னிரண் டாம்நாள் இலையே.

இது சிறந்த பாட்டென்று கூறவந்தோமல்லோம். செய்த முறையைக் காட்டவே தந்தோம். நாற்சீரடியில் ஒரு பொருளும், அது இருந்த இடமும், அதற்கு நேர்ந்த ஒரு செயலுமே இனிது அடங்கும். முதலடியில் உரலோடு பாட்டியாரின் வெற்றிலைப் பெட்டியையும் வைக்க முயன்றோம். இரண்டும் ஒன்றையொன்று மறைத்துப் பட்டியலாயின. பெட்டி போயிற்று. 'சிற்றுரல்' என்பதற்கு முன் 'அருமைச்' என்றோர் அடைமொழியும் முதலில் இருந்தது. பல்லில்லாத ஒருவர் பாக்கை இடித்துண்ணும் காட்சி அருமையை உணர்த்தாவிடின், அவ்வடைமொழியா உணர்த்தப் போகின்றது?

எதுகையால் வரும் தீங்கு பெரிது. முதலிரண்டடிகளில் அது தானே அமைந்தது. மூன்றாமடியில் 'தூணில்' என்றதும், 'வீணில்' என்ற சொல் அடுத்த அடிக்கு அழையாமலே வந்து நின்றது. அதனை ஏற்றிருப்பின் 'வீணில் அழுதோம்' என்று பழைய கண்ணீர் பின்வாயில் வழியே மீண்டும் புகுந்திருக்கும். ஆகவே அவ்விடத்து எதுகையை இழக்க உடன்பட்டோம். புலவர் இதனைக் குறை என்பர், கூறுக.

இரண்டாமடியில் வேறொரு வகை இடர் நேர்ந்தது. கட்டிலின் குறைந்த காலுக்கு அடியில் இருந்தது செங்கல் என்பது எம் நினைவு. உடைந்த அம்மியின் துண்டு என்பது தமக்கையாரின் நினைவு. அம்மித்துண்டே அழகியது; ஆயினும் அது எம் கண் கண்டதன்று. இருவர் நினைவும் ஒன்றுபட்ட அளவில் நின்று, 'கல்' என்றே எழுதினோம். நுட்பமாகக் கூற வேண்டுமென்னும் ஆசையால் இல்லாத நுட்பத்தைப் புனைவோர் உளர். அத்தகைய அடியில் அடைமொழிகள் மிகும். மெய்யாகக் கண்டவனோ, காணாத பக்கத்தைக் கூறாது விட்டுவிடுவான்.

பாற்புள்ளி என்பது இக்கால மாணாக்கர் சிலர்க்கு விளங்காமலிருக்கலாம். பால் ஊற்றுபவள் வந்துபோகுந்தோறும் சுண்ணாம்பு தோய்ந்த விரலால் சுவரில் ஒரு புள்ளி வைத்து, திங்கள் முடிவில் எண்ணிக் காசு கொடுப்பது அக்காலத்து வழக்கம். பாட்டியார் மறைந்த திங்களில் பதினொரு புள்ளிகளே இருந்தன. நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி முச்சீரால் வருதல் இலக்கணம். அடி குறுகும் அவ்விடத்தில் ஓசை சற்றே தடைப்படுதலின், சொல்லுதற்கு அரியதை அங்கே வைத்தோம். இறந்தார் என்ற சொல் பாட்டில் இல்லை. எண்ணிக்கை நின்றது, அவ்வளவே. ஒன்று மட்டும் கூறவேண்டும்: இப்பொருளை முதலடியில் வைத்திருப்பின், அதன்பின் வரும் உரலும் கட்டிலும் இழவு வீட்டுப் பொருள்களாகிவிடும். வாழ்ந்த வீட்டைக் காட்டிய பின்னரே புள்ளிகள் நிற்றல் தகும்.

இவ்வாறு திருத்திய பாட்டைத் தமக்கையார்க்குப் படித்துக் காட்டினோம். அவர் அழவில்லை. நெடுநேரம் வாளாவிருந்து, "அந்தப் பதினொரு நாள் பாலுக்குக் காசு கொடுத்தாயிற்றா, தம்பி?" என்று வினவினார். எமக்குத் தெரியவில்லை.