அம்மாவின் இட்லிக் கடையில் தினமும் 15 ரூபாய் நட்டமா?

கேள்வி: திருப்பூரில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அம்மா வீட்டிலேயே காலை டிபன் போட்டு, பனியன் கம்பெனிக்குப் போகிறவர்களுக்குப் பார்சல் கொடுக்கிறார். நான்கு இட்லி, சாம்பார், சட்னி சேர்த்து 30 ரூபாய். தினம் 40 பார்சல், வரவு 1,200. வீட்டுக்கு எடுத்தது போக அரிசி, பருப்பு, தேங்காய், காய்கறி, எண்ணெய், கவர் எல்லாம் 680 ரூபாய். மீதி 520-ஐ அம்மா லாபம் என்கிறார்.

செமஸ்டர் லீவில் காஸ்டிங் பாடத்தை வைத்துக் கணக்குப் போட்டேன். முன்பு ஒன்றரை மாதம் வந்த சிலிண்டர் இப்போது இரண்டு வாரம்கூடத் தாங்குவதில்லை. பணம் அப்பா சம்பளத்தில் போகிறது. அம்மாவிடம் கேட்டால், "எப்படியும் எரியற அடுப்புதான கண்ணு, அதுக்கென்ன கணக்கு?" என்கிறார். ஒரு வாரம் டிபன் வேலைக்கு முன்னும் பின்னும் சிலிண்டரை எடை போட்டேன். சராசரியாக ஒரு நாளைக்கு 900 கிராம், 55 ரூபாய். அம்மாவின் உழைப்பு ஆறு மணி நேரம். பக்கத்து மெஸ்ஸில் சமையலுக்குத் தரும் மணிக்கு 80 ரூபாய்ப்படி 480. கடைசியில் 15 ரூபாய் நட்டம் வந்தது. நோட்டைக் காட்டினேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் மாவு கரைக்கப் போய்விட்டார். நிறுத்தச் சொல்லட்டுமா?

பதில்: வேண்டாம். கணக்கில் பெரிய பிழையில்லை. அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவில்தான் பிழை.

கேஸையும் நேரத்தையும் ஒரே வரிசையில் கழித்துவிட்டீர்கள். கேஸ் கையை விட்டுப் போகும் பணம். அதை அப்பா கட்டுவதால் டிபன் கணக்கில் தெரியவில்லை, அவ்வளவுதான். நேரத்துக்குப் போட்ட 480 ரூபாய் யாருக்கும் போகவில்லை. அம்மா கையில்தான் இருக்கிறது. வேறு இடத்தில் வேலை செய்தால் என்ன கிடைக்கும் என்று ஒப்பிட மட்டும் உதவும் எண் அது. மெஸ் வேலைக்கு அவர் உண்மையில் போகப்போவதில்லை என்றால், கடையை நிறுத்தினால் 15 ரூபாய் மிச்சமாகாது. கையில் வருவது நின்றுவிடும்.

எடை போட்டது சரியான வழி. ஆனால் 55 ரூபாய் என்பது வீட்டு சிவப்பு சிலிண்டரின் விலை. அதை வியாபாரத்துக்கு எரிக்க விதி இடம் தராது. 19 கிலோ வணிக சிலிண்டர் 1,800 ரூபாய் என்று வைத்தால், கிலோ 95 ரூபாய். 900 கிராமுக்கு 85. அதையே எழுதுங்கள். கிரைண்டர் கரண்டைத் தேடிப் போகாதீர்கள், மணிக்கு கால் யூனிட்கூட ஆகாது.

இப்போது 520-இல் 85 போக 435. ஆறு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 72 ரூபாய். இதுதான் அம்மாவின் கூலி. ஊறுகிற நேரமும் புளிக்கிற நேரமும் இந்த ஆறில் சேர்ந்திருந்தால் எடுத்துவிடுங்கள். கை ஓடுகிற நேரம் மட்டும் கணக்கு.

ஆக, கேட்க வேண்டியது இந்த 72-ஐ எப்படி உயர்த்துவது என்பது. பார்சல் கூடினால் உயரும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். ஒரு எல்லை வரை அது உண்மை. சாம்பார் 30 பேருக்கு வைத்தாலும் 40 பேருக்கு வைத்தாலும் கேஸும் நேரமும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் அம்மாவின் கொப்பரையில் எத்தனை ஈடு எடுக்கிறார் என்று பாருங்கள். கடைசி ஈட்டில் நாலைந்து பார்சல்தான் என்றால், அதற்காக அடுப்பு ஒரு முழு ஈட்டுக்கு எரிகிறது, அம்மாவும் நிற்கிறார்.

விலையைப் பாருங்கள். ஒரு பார்சலுக்குப் பொருள் செலவு 17, மிஞ்சுவது 13. விலையை 35 ஆக்கினால் மிஞ்சுவது 18. பழைய 520-ஐ எடுக்க 29 பார்சல் போதும் (29 × 18 = 522). அதாவது 11 பேர் வராமல் போனாலும் வருமானம் குறையாது. ஒரு ஈடு குறையும், கேஸும் நேரமும் மிஞ்சும். அத்தனை பேர் விலகுவார்களா என்பது உங்கள் தெருவைப் பொறுத்தது. எதிரே யாராவது 30-க்கே போட்டால் விலகலாம். சம்பள வாரத்தில் ஏற்றிப் பாருங்கள், பதினைந்து நாள் எண்ணுங்கள். 29-க்குக் கீழே இறங்கினால் மட்டும் யோசியுங்கள். விலையைத் தொடாமல் நான்கு இட்லியை மூன்றாக்க நினைக்காதீர்கள். காலையில் வேலைக்கு ஓடுகிறவர் அதை முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார்.

அம்மாவிடம் "நட்டம்" என்று சொல்லி வைத்த நோட்டை மாற்றி எழுதிக் காட்டுங்கள்: வரவு, பொருள், கேஸ், அம்மா கூலி 435. தினமும் 85 ரூபாயைத் தனி டப்பாவில் போடச் சொல்லுங்கள். அடுத்த சிலிண்டருக்கு அந்த டப்பாவிலிருந்து பணம் போகட்டும், அப்பா சம்பளத்திலிருந்து வேண்டாம்.