தறிச் சத்தத்துக்கு நடுவே பேச்சை வெட்டுவது

கேள்வி: எங்கள் அப்பா கோர்வைச் சேலை நெய்பவர். கரைக்கும் உடலுக்கும் தனித்தனி நாடா ஓட்டிக் கோர்ப்பதை அவர் விளக்கியதை போனில் 4கே-யில் எடுத்தேன். நடுநடுவே நீண்ட மௌனம், நிறைய ‘வந்து’, ‘அப்புறம்’. வெட்டினால் முகம் துள்ளுகிறது. பின்னால் கேட்கும் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தமும் தடுக்குகிறது. மௌனத்தைத் தானாக வெட்டும் வசதியும் சரிவரவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, பிள்ளையார்பாளையம்

பதில்: முகத்தை அப்புறம் பார்ப்போம், முதலில் சத்தம். ஒலி ஒழுங்காக ஓடினால் படத்தில் இருக்கும் சின்னத் துள்ளலைக் கண் பெரும்பாலும் மன்னித்துவிடும்.

தானியங்கி வசதி ஒலியின் அளவை மட்டும் பார்க்கிறது. தறி ஓடும்போது அதற்கு மௌனமே கிடைக்காது. வரம்பை உயர்த்தினால், அப்பா மெல்ல முடிக்கும் சொற்களின் வாலைத் தின்றுவிடும். ஆகவே கையால்தான் வெட்ட வேண்டும்.

ஒலி அலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். தறியின் ஒவ்வோர் அடியும் கூராக எழுந்து நிற்கும். “ரெண்டு பேரு உக்காரணும்” என்று சொல்லி அப்பா 3 விநாடி நிறுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் 0.4, 1.4, 2.4-ஆம் விநாடிகளில் தறி அடிக்கிறது. 0.4-இல் விழும் அடிக்கு இரண்டு பிரேம் முன்னால் வெட்டி, 2.4-இல் விழும் அடிக்கு இரண்டு பிரேம் முன்னாலிருந்து ஒட்டுங்கள். 2 விநாடி போகும், 1 விநாடி நிற்கும், தறியின் தாளமும் பிசகாது. ஒட்டிய இடத்தில் இரண்டு பிரேம் அளவுக்கு ஒலியை ஒன்றுக்குள் ஒன்று கரைத்துவிடுங்கள். அதையடுத்து விழும் அடி ஒட்டை மறைத்துவிடும்.

அடுத்த வாக்கியத்துக்கு முன் அவர் இழுக்கும் மூச்சை விட்டுவையுங்கள். மூச்சில்லாமல் தொடங்கும் பேச்சு உடனே செயற்கையாகத் தெரியும். ‘வந்து’ என்பதன் இருபுறமும் இடைவெளி இருந்தால் எடுக்கலாம். அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொண்டிருந்தால் தொடாதீர்கள். தறியைத் திரும்பிப் பார்த்து அவர் யோசிக்கும் மௌனத்தையும் வெட்ட வேண்டாம். அவர் எதைச் சொல்லப் போகிறார் என்று பார்ப்பவரும் அப்போது காத்திருக்கிறார்.

இனி படம். நாடா ஓட்டும் கைகள், கரையும் உடலும் சேரும் இடம் ஆகியவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். வெட்டுக்கு அரை விநாடி முன்பே அந்தக் காட்சியைப் போட்டு, வெட்டு தாண்டி ஓரிரு விநாடி ஓட விடுங்கள். அதன் சொந்த ஒலியை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு தறி கேட்கும். அப்படிக் காட்சி இல்லாத இடத்தில் முகத்தைப் பெரிதாக்கலாம். 1080 அளவில் வெளியிடுவதாக இருந்தால், 4கே படத்தை 125 சதவீதம் ஆக்கினாலும் தெளிவு குறையாது. 105 சதவீதம் போதும் என்று நினைக்காதீர்கள், அது தவறிப்போன அசைவு போலத் தெரியும். புதிய விஷயம் தொடங்கும் இடத்தில் மட்டும் அளவை மாற்றுங்கள். வாக்கியத்தின் நடுவில் மாற்றினால் கவனம் சிதறும்.

முடித்ததும் ஹெட்போன் மாட்டி, திரையைப் பார்க்காமல், தறிக்கு ஏற்ப விரலால் தட்டிக்கொண்டே கேளுங்கள். விரல் எங்கே தடுமாறுகிறதோ, அந்த வெட்டை ஓர் அடி முன்னோ பின்னோ நகர்த்திப் பாருங்கள்.