தானியக்கத் தமிழ்த் துணையுரைகளில் லகர ளகரப் பிழைகள்: திருத்தமும் வடிவமைப்பும்

பேச்சில் லகர ளகர வேறுபாடு மங்கும்போது தானியக்கத் துணையுரை ஒன்றை மற்றொன்றாக எழுதிவிடுகிறது. மின்சோறாக்கி குறித்த காணொளியில் ‘பச்சை ஒளி வந்தபின் திறக்கவும்’ என்பது ‘பச்சை ஒலி’ என்றானால் ‘பச்சை’ என்னும் அடையே பிழையைக் காட்டிவிடும். ‘ஒளி வந்தபின்’ என்று மட்டும் இருப்பின் இரண்டும் பொருள்தரும் சொற்கள். எழுத்துப் பிழைதிருத்தி எதையும் சுட்டாது. பயனர் வராத ஒலிக்காகக் காத்திருப்பார். ஆகவே அவ்விடத்தில் திருத்துநர் ஒலியை மட்டுமன்றிக் காட்சியையும் நோக்குதல் வேண்டும்: விளக்கு எரிகிறதா, மணி ஒலிக்கிறதா என்பதே முடிவைத் தரும்.

திருத்திய பகுதி பின்வருமாறு அமையும்:

```
4
00:00:12,000 --> 00:00:15,500
பச்சை ஒளி வந்த பின்னரே
மூடியைத் திறக்கவும்
```

இங்கு வரி, எச்சத் தொடர் முடியுமிடத்தில் பிரிகிறது. ‘மூடியை’ தன் வினையோடு நிற்கிறது. வெண்ணிறப் பொருள்களின்மீது வெள்ளெழுத்து மறையும். அதைத் தவிர்க்க எழுத்தைச் சுற்றித் தடித்த கோடிட்டால், மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டி, ‘பச்சை’ ‘பசசை’யாகத் தோன்றக்கூடும். எனவே கோட்டினும், எழுத்தின் பின்னே அமையும் கரும்பட்டையே தமிழுக்கு ஏற்றது. பட்டையின் மேல்விளிம்பு புள்ளியையும் விலங்குச் சுழியையும் வெட்டாதவாறு இடைவெளி விடுதல் வேண்டும்.