சர்ட்டிபிகேட் இல்லாத கொத்தனாருக்கு ஒரு பக்க பயோடேட்டா

பயோடேட்டா என்றவுடன் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, டிகிரி, வேலை பார்த்த கம்பெனி என்ற வரிசைதான் நம் நினைவுக்கு வரும். வேர்டு புரோகிராமில் உள்ள மாதிரி வடிவங்களும் அப்படித்தான் அமைந்துள்ளன. இவை எதுவுமே இல்லாத ஒருவருக்கு எப்படித் தயாரிப்பது? சென்ற ஆடி மாதம் எங்கள் விளாத்திகுளத்தில் ஒரு கொத்தனாருக்காக இதைச் செய்ய நேர்ந்தது. செய்த முறையை அப்படியே இங்கு தருகிறேன்.

அவர் எங்கள் தெருக்காரர். 2005ல் கையாளாகச் சேர்ந்து, 2010ல் கரண்டி பிடித்தவர். வெளியூர் சைட் ஒன்றில், கொத்து வேலை தெரியும் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டு, மூன்று மாதம் கையாள் கூலியே கொடுத்திருக்கிறார்கள். இப்போது கோவில்பட்டியில் ஒரு கான்ட்ராக்டர், "என்னென்ன வேலை பார்த்திருக்கீங்கன்னு எழுதி அனுப்புங்க, பார்த்துட்டுச் சொல்றேன்" என்று கூறியிருந்தார். "என்னத்த எழுதுறதுக்கு இருக்கு தம்பி? படிச்சதே எட்டாவது" என்றபடி என்னிடம் வந்தார். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை அவரிடம் இருந்தது. அது அவர் பதிவு பெற்ற தொழிலாளி என்று காட்டும். சுவர் எப்படிக் கட்டுவார், எப்படிப் பூசுவார் என்று சொல்லாது. அதைச் சொல்ல அவர் வேலை பார்த்த கட்டடங்கள்தான் உண்டு.

முதல் படி: வருடங்களைத் தேடி எடுத்தல்

முதலில் கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. ஒரு நோட்டை எடுத்து, அவர் வேலை பார்த்த சைட்டுகளை எல்லாம் ஊர் ஊராகச் சொல்லச் சொன்னேன். 27 சைட்டுகள் வந்தன. ஊரும் வீட்டுக்காரரும் நன்றாக நினைவில் இருந்தனர். வருடம் மட்டும் குழம்பியது. இதற்கு எல்லோருக்கும் தெரிந்த சில நாட்களை அடையாளமாக வைத்துக் கொண்டோம். 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போனது, 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டத்தில் பெய்த பெருமழை. இந்த வேலை அதற்கு முன்னா, பின்னா என்று கேட்டால் உடனே பதில் வருகிறது. "நாகலாபுரம் வீடா? வாரச் சம்பளம் கொடுக்க நோட்டு இல்லாம ரெண்டு வாரம் நின்னுச்சே, அதுதான்" என்றார். 2016 என்று எழுதிக் கொண்டேன்.

அடுத்து அவருடைய போன். வேலை பார்த்த இடத்தில் எடுத்த போட்டோக்கள் நிறைய இருந்தன. போனை யு.எஸ்.பி. கேபிள் மூலம் கம்ப்யூட்டருடன் இணைத்து, போட்டோக்களை ஒரு போல்டரில் காப்பி செய்து கொண்டேன். ஒரு போட்டோ மீது ரைட் கிளிக் செய்து Properties தேர்ந்தெடுங்கள். வரும் விண்டோவில் Details என்ற டேபினைக் கிளிக் செய்திடவும். அங்கு Date taken என்ற வரியில் போட்டோ எடுத்த தேதி இருக்கும். அருகிலேயே காணப்படும் Date created என்பதை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் நீங்கள் காப்பி செய்த நாளாகவே இருக்கும்.

வாட்ஸ் அப்பில் வந்த போட்டோக்களில் Date taken காலியாக இருக்கும். அனுப்பும்போது அந்தத் தகவல் நீங்கி விடுகிறது. ஆண்ட்ராய்ட் போன்களில் இவற்றின் பெயர் IMG-20220311-WA0004.jpg என்பது போல இருக்கும். இதில் உள்ள தேதி, படம் அந்தப் போனுக்கு வந்த நாள். வேலை நடந்த நாள் அல்ல. எனவே இதை ஒரு துணையாக மட்டும் கொள்ள வேண்டும்.

இந்தச் சோதனை வீண் போகவில்லை. குளத்தூர் மாடி வீட்டை 2020 என்று அவர் உறுதியாகச் சொல்லி இருந்தார். போட்டோவில் 2019 ஜூன் என்று இருந்தது. யோசித்துப் பார்த்து, "ஆமா, ஊரடங்குக்கு முந்தி" என்று திருத்தினார். கான்ட்ராக்டர் வீட்டுக்காரருக்குப் போன் செய்து கேட்டு, அவர் வேறு வருடம் சொன்னால், மற்ற வரிகள் மீதும் சந்தேகம் வந்துவிடும்.

இரண்டாம் படி: காட்டும் சைட்டுகளைத் தேர்ந்தெடுத்தல்

27 சைட்டையும் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். ஐந்து போதும். நான் முதலில் புதிய, பளபளப்பான வீடுகளைத்தான் எடுத்து வைத்தேன். கொத்தனார் தலையை ஆட்டி மறுத்தார். "இது கரிசக்காடு தம்பி. ரெண்டு மூணு மழையைப் பாக்காத வீட்டைக் காட்டி என்ன பிரயோசனம்?" என்றார்.

அவர் சொன்னது சரி. கரிசல் மண் மழையில் தண்ணீரைக் குடித்து உப்பும். கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். அஸ்திவாரம் ஆழம் போதாமல் இருந்தால், ஒவ்வொரு ஆண்டும் கட்டடம் இந்த அசைவில் சிக்கும். ஜன்னல் மூலையில் இருந்து சாய்வாக விரிசல் ஓடும், செங்கல் இணைப்புகளில் படிப்படியாகப் பிளவு தெரியும், தரை தூக்கும். இதனால்தான் இங்கே கெட்டித் தரை வரும் வரை வானம் தோண்டி, கரிசலை அப்புறப்படுத்தி, மணலோ கிராவலோ நிரப்பி, மேலே காங்கிரீட் பெல்ட் போடுகிறார்கள். விவரம் தெரிந்த கான்ட்ராக்டர் வீட்டைப் பார்க்கப் போனால், முதலில் ஜன்னல் மூலைகளைத்தான் பார்ப்பார். ஐப்பசி, கார்த்திகை மழையையும் கோடையையும் பல முறை கண்ட வீடு அவருக்குப் பதில் சொல்லும். புது வீடு சொல்லாது. ஆகவே நான்கு பழைய சைட், ஒரு புதிய சைட் என்று வைத்தோம்.

மூன்றாம் படி: டைப் செய்தல்

இதற்கு இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள ரைட்டர் புரோகிராமைப் பயன்படுத்தினேன். தமிழை யூனிகோட் முறையில் டைப் செய்திடவும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் டைப் செய்த பைலை, அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் வெறும் குப்பையாகத் தெரியும். விண்டோஸ் உடன் வரும் Nirmala UI எழுத்துருவில் அளவு 11 வைத்தேன்.

மேலே பெயர், ஊர், போன் நம்பர். அதன் கீழ் இரண்டு வரிகள்: "கொத்தனார். 2010 முதல் கட்டு வேலை, பூச்சு வேலை. கரிசல் மண்ணில் அஸ்திவாரக் கட்டு அனுபவம். டைல்ஸ் வேலை தெரியாது." கடைசி வாக்கியத்தை எழுத அவர் தயங்கினார். ஆனால் தெரியாததை முதலிலேயே சொல்லிவிட்டால், தெரியும் என்று எழுதியிருப்பதை நம்புவார்கள்.

பின் Table மெனுவில் Insert Table கிளிக் செய்து, Columns கட்டத்தில் 5, Rows கட்டத்தில் 6 கொடுத்து Insert அழுத்தவும். தலைப்பு வரியில் வருடம், ஊர், கட்டடம், என் வேலை, விசாரிக்க என்று டைப் செய்தேன். மற்ற வரிகள் இப்படி அமைந்தன:

- 2016-17, நாகலாபுரம், 900 சதுர அடி வீடு, கட்டு மற்றும் பூச்சு, மேஸ்திரியின் கீழ்.
- 2019, குளத்தூர், மாடி வீடு, மாடியில் கட்டு வேலை மட்டும்.
- 2021, விளாத்திகுளம், மூன்று கடைகள், உள்பூச்சு, வெளிப்பூச்சு.
- 2022, எட்டயபுரம், 750 சதுர அடி வீடு, அஸ்திவாரம் முதல் பூச்சு வரை, தலைமைக் கொத்தனார், என்னுடன் 2 கொத்தனார், 3 கையாள்.
- 2024, புதூர், 240 அடி நீளக் காம்பவுண்ட் சுவர், முழு வேலை.

இதில் கவனிக்க வேண்டியது நான்காவது கட்டம். "வீடு கட்டினேன்" என்று எழுதினால் எதுவும் விளங்காது. எந்தப் பகுதி, எவ்வளவு, யாருக்குக் கீழ் என்று எழுத வேண்டும். குளத்தூரில் கீழ்த் தளத்தைக் கட்டியவர் வேறு ஒருவர். அதையும் சேர்த்து எழுதியிருந்தால் ஒரு போன் காலில் உடைந்திருக்கும்.

"விசாரிக்க" என்ற கட்டத்தில் வீட்டுக்காரர் அல்லது இன்ஜினியரின் பெயரும் போன் நம்பரும் வரும். எழுதும் முன் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு அனுமதி கேளுங்கள். நாங்கள் கூப்பிட்டபோது ஒரு நம்பர் மாறியிருந்தது. ஒருவர் வேண்டாம் என்றார். அந்த இடத்தில் "நேரில் அழைத்துச் சென்று காட்டுகிறேன்" என்று போட்டோம். ஆதார் எண், பேங்க் கணக்கு எண் ஆகியவற்றை பயோடேட்டாவில் தர வேண்டாம். பல கைகளுக்குப் போகும் தாள் இது. வேலையில் சேரும்போது கேட்டால் கொடுத்தால் போதும்.

கடைசியில் இரண்டே போட்டோக்கள். Insert மெனுவில் Image தேர்ந்தெடுத்துச் சேர்க்கவும். பூச்சு முடிந்த சுவரை விட, பூசும் முன் எடுத்த கட்டு வேலைப் படம் நல்லது. இணைப்புகள் ஒரே அளவில் உள்ளனவா, செங்குத்து இணைப்பு ஒன்றின் மேல் ஒன்றாக வராமல் மாறி மாறி உள்ளதா என்று கான்ட்ராக்டர் பார்த்துக்கொள்வார்.

நான்காம் படி: அனுப்புதல்

File மெனுவில் Export As சென்று Export as PDF கிளிக் செய்யுங்கள். பி.டி.எப். பைலில் எழுத்துருவும் சேர்ந்தே செல்வதால் எந்தப் போனிலும் எழுத்து மாறாது. வாட்ஸ் அப்பில் அனுப்பும்போது Document என்ற வழியில் அனுப்பவும். ஸ்கிரீனை போட்டோ எடுத்து அனுப்பினால் எழுத்து மங்கிப் போகும். முதலில் உங்கள் போனுக்கே அனுப்பித் திறந்து பாருங்கள். டேபிள் வலப்புறம் வெட்டுப்படாமல், ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும்.

பிளம்பர், பெயின்டருக்கும் வழி இதுதான். காட்டும் சைட் மட்டும் மாறும். பிளம்பர், சுவருக்குள் பைப் பதித்து இரண்டு மூன்று ஆண்டுகள் ஆன பாத்ரூமைக் காட்டலாம். அதன் பின்பக்கச் சுவரில் ஈரம் இல்லை என்பதே அவருக்குச் சர்ட்டிபிகேட். பெயின்டர், சில மழையும் வெயிலும் பார்த்த வெளிச்சுவரைக் காட்டலாம். பழைய சுவரைச் சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் அடித்தாரா, நேரே பெயிண்ட் அடித்தாரா என்பதையும் எழுத வேண்டும்.

நான்கு நாள் கழித்துக் கோவில்பட்டியில் இருந்து போன் வந்தது. கான்ட்ராக்டர் எட்டயபுரம் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். உடனே நிரந்தரமாக எடுத்துக் கொள்ளவில்லை. மூன்று நாள் வேலை பார்க்கச் சொன்னார். ஆனால் அந்த மூன்று நாளுக்கும் கொத்தனார் கூலி என்று முதலிலேயே பேசிவிட்டார். இப்போதும் அவர் அங்கேதான் இருக்கிறார். அந்தப் பைல் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. இந்த வேலை முடிந்ததும் ஆறாவது வரி சேர்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.