பட்டுச் சேலைக்கு ஃபால்ஸ் எங்கே தொடங்க வேண்டும்?

புதுப் பட்டுச் சேலையை ஃபால்ஸ் வைக்கக் கொடுக்கும்போது, எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று நீங்களே குறித்துக் கொடுங்கள். சொல்லாவிட்டால் பல கடைகளில் உள்முனையிலிருந்தே தைத்துவிடுவார்கள். ஃபால்ஸ் நீளமோ ஏறக்குறைய 2.5 மீட்டர்தான். இடுப்புச் சுற்று 110 செ.மீ. என்றால் முதல் சுற்றுக்கே அந்த 110 செ.மீ. போய்விடும். மடிப்புக்கு 25 செ.மீ. வீதம் 6 மடிப்புக்கு 150. ஆக, 10 செ.மீ. பற்றாது. அந்தக் குறை கடைசி மடிப்பில்தான் தெரியும். மற்றவை கனத்தோடு நேராக இறங்க, அது மட்டும் விலகி ஆடும். மெட்டியில் சிக்குவதும் அதன் ஜரிகைதான்.

உள்முனையில் 20 செ.மீ. விட்டுத் தொடங்கினால் கணக்கு சரியாகிவிடும். விட்ட பகுதி கொசுவத்துக்கு அடியில் மறைந்துகொள்ளும். வழக்கமாகப் போடும் செருப்போடு ஒருமுறை சேலையைக் கட்டிப் பார்த்து, கடைசி மடிப்பு முடியும் இடத்தில் கீழ்க்கரையின் உட்புறம் ஊக்கு குத்திவையுங்கள். எந்தக் கரை கீழே வரும் என்ற குழப்பமும் அதோடு தீரும்.

இதற்கு முன்பே ரவிக்கைத் துணியை வெட்டி எடுத்திருக்க வேண்டும். வெட்டிய முனையில் நூல் பிரியாதிருக்க பீக்கோ அடித்தால் போதும். நீளக் கரைகளுக்கு அது தேவையில்லை.

ஃபால்ஸ் பருத்தித் துணி. அதை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே தைக்க வேண்டும். இல்லையென்றால் ஈரம் பட்டதும் அது மட்டும் சுருங்கி, கரை அலை அலையாக நெளியும். சாயம் போகும் ஃபால்ஸும் ஊறும்போதே தெரிந்துவிடும்.

சேலையை மேசைமேல் உட்புறம் மேலே தெரியும்படி விரித்து, ஃபால்ஸைக் கரை ஓரத்திலிருந்து ஒரு நூலளவு உள்ளே தள்ளி வையுங்கள். இழுத்துப் பிடிக்காமல் சற்றே தளர்வாக விடுவது முக்கியம். முதலில் கீழ் ஓரத்தை ஓட்டுத்தையலிலும், பிறகு மேல் ஓரத்தை ஹெம்மிங்கிலும் முடியுங்கள். ஹெம்மிங்கில் ஊசி சேலையின் ஓரிரு இழையை மட்டும் எடுத்தால் வெளிப்புறத்தில் புள்ளி தெரியாது. பட்டுக்குக் கைத்தையலே நான் சொல்வேன். மெஷின் ஊசி ஜரிகையை அறுக்கக்கூடும். அழுக்கேறிய ஃபால்ஸைப் பிரித்து மாற்றும்போது துளைகளும் தெரியும். ஓர் அடி தைத்ததும் தூக்கித் தொங்கவிட்டுப் பாருங்கள். கரை சுருங்கினால் ஃபால்ஸ் இறுக்கமாக இருக்கிறது, அங்கேயே பிரித்துவிடுங்கள்.

முந்தானையில் நெய்யாத பாவு நூல் இருந்தால் அதை வெட்டிப் பீக்கோ அடிக்க வேண்டாம். சம அளவில் பிரித்து, முறுக்கி, நெசவு முடியும் இடத்தை ஒட்டி முடிச்சிட்டால் அதுவே குஞ்சம்; ஊடை நூலும் நழுவாது. கனமான காஞ்சிப் பட்டு மணிக் குஞ்சத்தைத் தாங்கும். ஷிஃபானில் அதே மணிகள் முந்தானையைத் தோளிலிருந்து சரியவைக்கும். அதற்கு வெறும் நூல் குஞ்சமே போதும்.