டபிள்யூ-2 கைக்கு வந்ததும்

அமெரிக்காவில் எஃப்-1 விசாவில் படித்துக்கொண்டே பல்கலைக்கழக நூலகத்திலோ உணவகத்திலோ வேலை பார்ப்பவர்களுக்கு, ஜனவரி முடிவதற்குள் டபிள்யூ-2 என்ற சம்பளப் படிவம் வந்துவிடும். அதில் பெட்டி பெட்டியாக எண்கள் இருக்கும். முதலில் நான்கைப் பார்த்தால் போதும்.

1-வது பெட்டியில் வரிக்கு உட்பட்ட சம்பளம், 2-வதில் மத்திய அரசுக்காகப் பிடித்த வரி. 4-வதும் 6-வதும் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தங்கள். இவை காலியாகவோ பூஜ்யமாகவோ இருக்க வேண்டும். எஃப்-1 மாணவர் பொதுவாக முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளுக்கு வரிக் கணக்கில் 'நான் ரெசிடென்ட்'. விசா விதிப்படி அவர் பார்க்கும் வேலைக்கு இந்தப் பிடித்தம் கிடையாது. ஆகஸ்டில் வந்து இறங்கியிருந்தாலும் அந்த ஆண்டு முழு ஆண்டாகவே எண்ணப்படும்.

2024-ல் 9,200 டாலர் சம்பாதித்த, மணமாகாத ஓர் இந்திய மாணவரை எடுத்துக்கொள்வோம். 2-வது பெட்டியில் 640 டாலர். அவர் நிரப்ப வேண்டியது 1040-என்ஆர் படிவம். நான் ரெசிடென்ட்டுகளுக்கு நிலையான கழிவு கிடையாது என்பதுதான் பொது விதி. அப்படிப் போட்டால் 9,200-க்கு பத்து சதவீதம், அதாவது 920 டாலர் வரி. கையிலிருந்து இன்னும் 280 கட்ட வேண்டியிருக்கும்.

ஆனால் இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21(2) பிரிவு, படிக்க வந்த இந்திய மாணவருக்கு மட்டும் அந்தக் கழிவைக் கொடுக்கிறது. 2024-க்கு அது 14,600 டாலர். 2024 படிவத்தின் 12-வது வரியிலேயே 'இந்தியாவில் வசித்த சிலருக்கு' என்று அச்சிட்டிருக்கிறார்கள். அங்கே 14,600 என்று எழுதினால் வரிக்குரிய வருமானம் பூஜ்யம். பிடித்த 640 டாலரும் திரும்ப வரும்.

சீன நண்பருக்கு 5,000 டாலர் சம்பளத்துக்கு வரியே இல்லையாமே என்று கேட்டு அதையும் சேர்த்துக்கொள்ளப் பார்க்காதீர்கள். அது சீன ஒப்பந்தத்தின் சலுகை. நம்முடையது கழிவாக மட்டுமே கிடைக்கிறது.

இன்னொரு கண்ணி, கடையில் கிடைக்கும் வரி மென்பொருள். பலவும் அமெரிக்கவாசிகளுக்கான 1040-ஐ நிரப்பிவிடும். கழிவு அதிலும் அதே தொகைதான் என்பதால் பிழை கண்ணில் படாது. ஆனால் படிவமே தவறு. 1040-என்ஆர் தரும் மென்பொருளைப் பல பல்கலைக்கழகங்களின் சர்வதேச மாணவர் அலுவலகங்களே வாங்கித் தருகின்றன, கேட்டுப் பாருங்கள்.

4-வது பெட்டியில் 570.40, 6-வதில் 133.40 என்று இருந்தால் முதலாளி தவறாகப் பிடித்திருக்கிறார். முதலில் சம்பளப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். திருப்பித் தர மறுத்தால் 843, 8316 படிவங்களை ஐஆர்எஸ்ஸுக்குத் தனியாக அனுப்ப வேண்டும். இதை 1040-என்ஆரில் சேர்த்துக் கேட்க முடியாது.

கூடவே 8843 படிவத்தையும் இணையுங்கள். சம்பளமே இல்லாத மாணவரும் இதை அனுப்ப வேண்டும். அவருக்குக் கெடு ஜூன் 15. சம்பளம் வாங்கியவருக்கு ஏப்ரல் 15. 17-வது பெட்டியில் மாநில வரி தெரிந்தால் மாநிலத்துக்குத் தனிக் கணக்கு உண்டு. அங்கே மாநில விதிதான் பேசும், ஒப்பந்தத்தை நம்பிப் போகாதீர்கள்.